கேன்ட் சார்ட்டின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் கையில் இருந்தால்: கிரிட்டிக்கல் பாத்தையும் தாமதங்களையும் கண்டுபிடிக்க எந்த வழி?

கட்டுமானத் திட்டத்தின் அட்டவணை பெரும்பாலும் கோப்பாக வருவதில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு படமாக வருகிறது. இடப்பக்கம் வேலைகளின் பெயர், வலப்பக்கம் நீல நிறப் பட்டைகள், நடுவில் இன்றைய தேதியைக் காட்டும் ஒரு செங்குத்துக் கோடு. படத்தைப் பெற்ற கட்டட உரிமையாளருக்கோ சைட் இன்ஜினியருக்கோ இரண்டு விடைகள் வேண்டும். எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் ஒப்படைப்பும் ஒரு நாள் தள்ளும்? எந்த வேலைகள் இப்போதே பின்தங்கிவிட்டன?

இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு விடையாக வரும் வேலைகளின் சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத்; அதைக் காட்டுவது வேலைகளுக்கு இடையிலான தொடர்பு. இரண்டாவதற்கு விடை தருவது முதலில் ஒப்புக்கொண்ட திட்டத்துக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள வித்தியாசம். ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டுமே அரைகுறையாகத்தான் இருக்கும்.

இதற்கு நான்கு வழிகள் உண்டு. படத்தைக் கண்ணாலேயே பின்னோக்கிப் படிப்பது, எண்களை எக்செல்லில் ஏற்றிக் கணக்குப் போடுவது, திட்டமிடல் மென்பொருளில் அட்டவணையை மறுபடி கட்டுவது, அட்டவணை போட்டவரிடம் இன்னும் சரியான ஒரு படத்தையோ கோப்பையோ கேட்டு வாங்குவது. ஒரே உதாரணத்தை எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தால் எது எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பது தெரிந்துவிடும்.

## உதாரணம்: ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் முதல் மாடி

வாரம் ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை. 2026 பிப்ரவரி 2, திங்களன்று தொடக்கம். படத்தில் தெரியும் 12 வரிகள் இவை. தேதிகளோடு, அவற்றை வேலை நாள் எண்ணாக மாற்றியும் கொடுத்திருக்கிறோம். பிப்ரவரி 2 என்பது நாள் 1.

| எண் | வேலை | நாட்கள் | தேதி | வேலை நாள் |
|---|---|---|---|---|
| 1 | சுவர் கட்டுவேலை | 12 | பிப். 2 – பிப். 14 | 1–12 |
| 2 | சென்ட்ரிங், கம்பி கட்டு | 8 | பிப். 16 – பிப். 24 | 13–20 |
| 3 | கூரை கான்கிரீட் | 1 | பிப். 25 | 21 |
| 4 | சென்ட்ரிங் பிரிப்பு | 2 | மார்ச் 12 – 13 | 34–35 |
| 5 | சுவரில் காடி வெட்டி மின்குழாய் | 4 | மார்ச் 14 – 18 | 36–39 |
| 6 | உள்பூச்சு | 10 | மார்ச் 19 – 30 | 40–49 |
| 7 | வெளிப்பூச்சு | 9 | மார்ச் 14 – 24 | 36–44 |
| 8 | மொட்டைமாடித் தளம் | 8 | மார்ச் 14 – 23 | 36–43 |
| 9 | தரை டைல்ஸ் | 8 | மார்ச் 31 – ஏப். 8 | 50–57 |
| 10 | கதவு, ஜன்னல் பட்டறையில் செய்தல் | 30 | பிப். 16 – மார்ச் 21 | 13–42 |
| 11 | கதவு, ஜன்னல் பொருத்துதல் | 4 | மார்ச் 31 – ஏப். 3 | 50–53 |
| 12 | பெயின்டிங், ஒப்படைப்பு | 10 | ஏப். 9 – 20 | 58–67 |

படம் எடுத்தது மார்ச் 3 மாலை, அதாவது நாள் 26 முடிந்தபோது. முதல் மூன்று வேலைகளும் முழுதாக முடிந்ததாகக் காட்டப்பட்டுள்ளன. பத்தாவது வேலையின் பட்டைக்குள் முடிந்த அளவைக் காட்டி ஓடும் கறுப்புக் கோடு பிப்ரவரி 21-இலேயே நின்றுவிடுகிறது. மற்றவை இன்னும் தொடங்கவில்லை.

தேதிகளை நாள் எண்ணாக மாற்றுவது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் சனிக்கிழமை முடியும் வேலைக்கும் திங்கட்கிழமை தொடங்கும் வேலைக்கும் இடையே படத்தில் ஒரு வெள்ளை இடைவெளி தெரிகிறது. கண்ணுக்கு அது ஓய்வு நேரமாகப் படும். எண்ணில் பார்த்தால் 12-ஐ அடுத்து 13, இடைவெளியே இல்லை. கிரிட்டிக்கல் பாத் தேடும்போது இந்த இடறல் அடிக்கடி வரும்.

படத்தில் தேதிப் பத்திகள் இல்லாமல் பட்டைகள் மட்டுமே இருந்தாலும் தேதியை அளந்து எடுக்கலாம். படத்தை விண்டோஸின் பெயின்ட் நிரலில் திறந்தால், சுட்டி நிற்கும் இடத்தின் பிக்சல் எண் கீழே தெரியும். பிப்ரவரி 2-இன் கோடு 412-இலும் மார்ச் 30-இன் கோடு 1084-இலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் 56 நாட்கள், 672 பிக்சல். ஒரு நாளுக்கு 12 பிக்சல். கான்கிரீட் பட்டையின் வலது முனை 700-இல் இருந்தால் (700 − 412) / 12 = 24. தொடக்கத்திலிருந்து 24 நாட்கள் முடிந்துவிட்டன, அதாவது அது பிப்ரவரி 25 மாலை. ஒரு நாளுக்கு மூன்று, நான்கு பிக்சலுக்கும் குறைவாகக் கிடைத்தால் இந்த அளவீட்டை நம்ப வேண்டாம். ஒரு நாள் பிழை எளிதில் வரும், கிரிட்டிக்கல் பாத்தில் ஒரு நாள் பிழையே விடையை மாற்றிவிடும். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கி அனுப்புவதால், ஆவணமாக அனுப்பச் சொன்னால் பிக்சல்கள் கெடாமல் வரும்.

## முதல் வழி: கண்ணால் பின்னோக்கிப் படிப்பது

முதல் வேலையிலிருந்து முன்னோக்கிப் போனால் குழம்பும். வேலைகளை இணைக்கும் பல அம்புகளை மென்பொருள் ஒரே செங்குத்துக் கோட்டின் மேல் அடுக்கி வரைகிறது. எந்தக் கோடு எங்கே பிரிகிறது என்பது தெரியாது. கடைசி வேலையில் தொடங்க வேண்டும். அதற்குள் வரும் ஒவ்வொரு அம்பையும் பார்த்து, எந்த முந்தைய வேலை முடிந்த மறுநாளே இது தொடங்குகிறது என்று கேட்க வேண்டும். இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொண்டிருக்கும் வேலைதான் இதை இழுத்துப் பிடித்திருக்கிறது.

பெயின்டிங் தொடங்குவது நாள் 58. அதற்குள் மூன்று அம்புகள் வருகின்றன. வெளிப்பூச்சு 44-இல் முடிகிறது, ஜன்னல் பொருத்துவது 53-இல், டைல்ஸ் 57-இல். தொடுவது டைல்ஸ் மட்டுமே. டைல்ஸ் தொடங்கும் 50-ஐத் தொடுவது 49-இல் முடியும் உள்பூச்சு. உள்பூச்சைத் தொடுவது மின்குழாய் வேலை, அதைத் தொடுவது சென்ட்ரிங் பிரிப்பு. இதுவரை எளிது.

சென்ட்ரிங் பிரிப்பில் நூல் அறுந்துபோகிறது. அது நாள் 34-இல் தொடங்குகிறது, ஆனால் அதற்கு முந்தைய கான்கிரீட் 21-இலேயே முடிந்துவிட்டது. நடுவில் வெறும் வெள்ளை. அவசரமாகப் படிப்பவர் இங்கே இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார். ஒன்று, இந்த 12 நாட்களும் கையிருப்பு என்று நினைத்து, கான்கிரீட் சில நாள் தள்ளினாலும் பரவாயில்லை என்பார். இல்லையென்றால் படத்திலேயே நீளமான பட்டை எது என்று பார்த்து, 30 நாள் நீளும் கதவு, ஜன்னல் வேலையைக் கிரிட்டிக்கல் என்பார்.

அந்த வெள்ளை இடைவெளி என்ன என்பதற்கு வேலைத்தளம்தான் விடை சொல்லும். பிப்ரவரி 26 முதல் மார்ச் 11 வரை எண்ணினால் காலண்டர் கணக்கில் சரியாக 14 நாட்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான IS 456:2000 விதிப்படி 4.5 மீட்டருக்கு மேல் அகலம் தாண்டும் கூரைத் தளத்தின் முட்டுகளை 14 நாட்களுக்கு முன் எடுக்கக் கூடாது; 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாட்கள். ஆக இது ஓய்வல்ல, கான்கிரீட் வலுவேறும் நேரம். பட்டையாக வரையப்படாவிட்டாலும் இதுவும் கிரிட்டிக்கல் பாத்தின் ஒரு பகுதி. இடைவெளியைக் கண்டால் முதலில் வேலை நாளாக எண்ணாமல் காலண்டர் நாளாக எண்ணிப் பாருங்கள். 7, 14, 21 என்று முழு வாரங்களாக வந்தால் பின்னால் பெரும்பாலும் கான்கிரீட்டோ நீராற்றுதலோ இருக்கும்.

ஆனாலும் இன்னொரு சாத்தியம் மிஞ்சுகிறது. அட்டவணை போட்டவர் கான்கிரீட்டோடு இணைக்காமல், "மார்ச் 12-க்கு முன் தொடங்காதே" என்று ஒரு தேதியைக் கட்டாயமாகப் பூட்டியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் இப்படிப் பூட்டிய வேலையின் பக்கத்தில் சிறிய காலண்டர் படம் ஒன்று தெரியும், அதைக் காட்டும் பத்தியை ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டிவிடாமல் இருந்தால். தேதி பூட்டப்பட்டிருந்தால், அட்டவணையில் கான்கிரீட் தள்ளினாலும் சென்ட்ரிங் பிரிப்பு அசையாது. கூரை இன்னும் வலுவேறாத நிலையில் முட்டு எடுக்கச் சொல்லும் தேதி அப்படியே நிற்கும். இது வெறும் கணக்குப் பிழை அல்ல, ஆள் உயிருக்கு ஆபத்து.

ஒரே படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த இரண்டில் எது என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் முன்பு அனுப்பிய பழைய ஸ்கிரீன்ஷாட் கிடைத்தால் உடனே தெரிந்துவிடும். பழைய படத்தில் சென்ட்ரிங், கம்பி கட்டு 7 நாள், கான்கிரீட் பிப்ரவரி 24, சென்ட்ரிங் பிரிப்பு மார்ச் 11, ஒப்படைப்பு ஏப்ரல் 18 என்று இருக்கிறது. கான்கிரீட் ஒரு நாள் தள்ளியபோது சென்ட்ரிங் பிரிப்பும் ஒரு நாள் நகர்ந்திருக்கிறது. அப்படியானால் அது பூட்டிய தேதி அல்ல, கான்கிரீட்டோடு கட்டிய 14 நாள் காத்திருப்பு. பாதை முழுமை பெறுகிறது: 1, 2, 3, காத்திருப்பு, 4, 5, 6, 9, 12.

தாமதத்தைப் பிடிக்கவும் பழைய படம்தான் கைகொடுக்கிறது. புதிய படத்தில் சென்ட்ரிங் பட்டை முழுதாக நிரம்பி, "100%" என்று நிம்மதியாக நிற்கிறது. அது ஒரு நாள் தாமதமாக முடிந்தது என்பதற்கு அதில் எந்தத் தடயமும் இல்லை. பட்டை நீண்டதும் பின்னால் வந்த வேலைகள் எல்லாம் தாமாகவே நகர்ந்து, புது நிலையே திட்டம் போலத் தோற்றம் தருகின்றன. மூலத் திட்டத்தைச் சாம்பல் நிறப் பட்டையாக அடியில் காட்டினால் ஒழிய, முடிந்த வேலையின் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வேலை நாள் நழுவியது ஒப்படைப்பில் சனியிலிருந்து திங்களாக, காலண்டரில் இரண்டு நாளாகத் தெரிவதையும் கவனியுங்கள்; தவறு யாருடையது என்ற வாக்குவாதம் பெரும்பாலும் இந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் தொடங்கும்.

இருபது, இருபத்தைந்து வரிகளுக்குள் அம்புகள் தெளிவாக இருந்தால் கண் போதும். அம்புகள் மறைக்கப்பட்டிருந்தால் போதாது. தொட்டுக்கொண்டிருக்கும் பட்டைகள் எல்லாம் கிரிட்டிக்கல் அல்ல: இதே படத்தில் டைல்ஸும் ஜன்னல் பொருத்துதலும் உள்பூச்சு முடிந்த மறுநாள் தொடங்குகின்றன, ஆனால் பாதையில் இருப்பது ஒன்றுதான். சிவப்பு நிறத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டின் வழக்கமான கேன்ட் காட்சியில் `Critical Tasks` என்ற தேர்வை இயக்கினால்தான் கிரிட்டிக்கல் வேலைகள் சிவப்பாகும். எக்செல்லில் வரைந்த சார்ட்டில் சிவப்பு என்பது யாரோ ஒருவர் விரும்பிப் பூசிய நிறம்.

## இரண்டாம் வழி: எக்செல்லில் கணக்கு

பாதை எது என்பதோடு, பாதையில் இல்லாத வேலைக்கு எத்தனை நாள் கையிருப்பு என்பதும் தெரிய வேண்டுமென்றால் இந்த வழிக்கு வர வேண்டும். அந்தக் கையிருப்பைத் துறையில் ஃபுளோட் என்பார்கள். ஒப்படைப்பை நகர்த்தாமல் ஒரு வேலை எத்தனை நாள் தள்ளலாம் என்பதே அது.

வரி 2 முதல் 13 வரை பன்னிரண்டு வேலைகள். `C` பத்தியில் நாட்கள், `D`-இல் மிக முன்னதான தொடக்கம், `E`-இல் மிக முன்னதான முடிவு, `F`-இல் மிகத் தாமதமான தொடக்கம், `G`-இல் மிகத் தாமதமான முடிவு, `H`-இல் ஃபுளோட். முதல் வேலையின் `D2`-இல் 1 என்று இடுங்கள். எல்லா வரிக்கும் பொதுவானவை மூன்று சூத்திரங்கள்:

```
E2: =D2+C2-1
F2: =G2-C2+1
H2: =G2-E2
```

`D`-யும் `G`-யும் அம்புகளைப் பார்த்துக் கையால் எழுத வேண்டியவை. உதாரணத்துக்குச் சில:

```
D5:  =E4+12+1
D13: =MAX(E8,E10,E12)+1
G13: =E13
G9:  =E13
G5:  =MIN(F6,F8,F9)-1
G4:  =F5-12-1
```

முன்னோக்கிப் போகும்போது `MAX`, பின்னோக்கி வரும்போது `MIN`. வேலை தொடங்க, முந்தைய எல்லாமே முடிந்திருக்க வேண்டும். வேலை முடிய வேண்டிய கடைசி நாளை, அடுத்தவற்றில் எது முதலில் தொடங்கியாக வேண்டுமோ அதுதான் தீர்மானிக்கிறது. காத்திருப்பின் 12 வேலை நாட்கள் (14 காலண்டர் நாட்களில் எப்போதும் இரண்டு ஞாயிறு) `D5`-இலும் `G4`-இலும் வர வேண்டும். ஒன்றில் மறந்தால் ஃபுளோட் 12 அல்லது −11 என்று விசித்திரமாக நிற்கும். மொட்டைமாடித் தளத்துக்கு அடுத்த வேலை எதுவும் இல்லை, அதனால் அதன் `G9` திட்டத்தின் கடைசி நாள். இப்படி அம்பு வெளியேறாத வேலையைக் கண்டால் அது உண்மையிலேயே எதற்கும் முன்னோடி இல்லையா, அல்லது அம்பு போட மறந்தார்களா என்று கேட்டுத் தெளிவது நல்லது.

இரண்டு பத்திகளையும் முடித்ததும் `D`, `E` எண்கள் படத்தில் உள்ள நாள் எண்களோடு அப்படியே பொருந்த வேண்டும். பொருந்தாத முதல் வரியில்தான் நீங்கள் தவறவிட்ட அம்போ, மறைந்திருக்கும் காத்திருப்போ, பூட்டிய தேதியோ இருக்கிறது. கண்ணால் படிப்பதை விட இந்த வழியை நம்பகமாக்குவது இந்தச் சரிபார்ப்புதான்.

கணக்கு தரும் ஃபுளோட்: பாதையில் உள்ளவற்றுக்கு 0, ஜன்னல் பொருத்த 4, பட்டறை வேலைக்கு 11, வெளிப்பூச்சுக்கு 13, மொட்டைமாடித் தளத்துக்கு 24.

இப்போது அந்தப் பட்டறைத் தாமதத்துக்கு வருவோம். படத்தில் கண்ணை உறுத்துவது அதுதான்: கறுப்புக் கோடு நாள் 18-இல் நிற்கிறது, இன்று நாள் 26. எட்டு நாள் பின்தங்கல். இன்னொரு பிழையும் அதில் ஒளிந்திருக்கிறது. மீதி 24 நாள் வேலையின் ஒரு பகுதியை அட்டவணை இன்னும் கடந்துபோன நாட்களில் வைத்திருக்கிறது, அதனால் மார்ச் 21-இல் முடியும் என்ற தேதி பொய்யாகிவிட்டது. கடந்த வாரத்தில் யாரும் வேலை செய்ய முடியாது. `D11`-இல் 27, `C11`-இல் 24 என்று மாற்றுங்கள். பட்டறை வேலை நாள் 50-இல், மார்ச் 31 அன்று முடிகிறது. ஜன்னல் பொருத்துவது 51 முதல் 54 வரை. ஃபுளோட் 3 நாள் மிச்சம், ஒப்படைப்பு நாள் 67-இலேயே நிற்கிறது.

ஆக எட்டு நாள் பின்தங்கிய வேலை இன்று ஒப்படைப்பைத் தொடவில்லை, கண்ணுக்கே தெரியாத ஒரு நாள் சென்ட்ரிங் தாமதம் தொட்டுவிட்டது. இருந்தாலும் பட்டறையை விட்டுவிடச் சொல்லவில்லை. இதுவரை 14 நாளில் 6 நாள் வேலைதான் முடிந்திருக்கிறது. அதே வேகம் தொடர்ந்தால் மூன்று நாள் கையிருப்பு விரைவில் கரைந்து, இதுவே கிரிட்டிக்கல் பாத்தாகிவிடும். இந்த வாரம் பட்டறைக்கு நேரில் போய், எத்தனை சட்டங்கள் தயார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சதவீதத்தைத் தொலைபேசியில் கேட்டு வாங்குவதில் பயனில்லை.

நாள் எண்ணை மறுபடி தேதியாக்கும்போது விடுமுறைகள் கண்ணில் படும்:

```
=WORKDAY.INTL(DATE(2026,2,1),67,11,$K$2:$K$5)
```

`11` என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதன் குறி. `K` பத்தியில் விடுமுறைத் தேதிகள். பத்தி காலியாக இருந்தால் ஏப்ரல் 20 வருகிறது, படமும் அதையே சொல்கிறது. ஏப்ரல் 14, செவ்வாய், தமிழ்ப் புத்தாண்டு. பெயின்டிங் நடுவே வருகிறது. அதை `K2`-இல் இட்டால் விடை ஏப்ரல் 21. மென்பொருளின் காலண்டரில் நம் பண்டிகைகள் தாமாக இருப்பதில்லை, யாராவது ஏற்ற வேண்டும். படத்தில் ஞாயிறுகளுக்கு மேல் சாம்பல் நிழல் இருந்து ஏப்ரல் 14-இன் மேல் இல்லையென்றால், அந்த நாளை வேலை நாளாகவே கணக்கிட்டிருக்கிறார்கள்.

## மூன்றாம் வழி: மென்பொருளில் மறுபடி கட்டுவது

அறுபது, எழுபது வரிகளைத் தாண்டும் அட்டவணைக்கு எக்செல்லில் `MIN`, `MAX` எழுதிக்கொண்டிருப்பது தவறுகளை வரவழைக்கும். புராஜெக்ட்லிப்ரே இலவசமாகக் கிடைக்கிறது. வேலையின் பெயர், நாட்கள், முன்னோடி எண் ஆகிய மூன்றையும் ஏற்றினால் பாதையை அதுவே கணக்கிடும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, படத்தில் உள்ள தொடக்கத் தேதியையும் சேர்த்துத் தட்டச்சு செய்வது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் `Start` பத்தியில் ஒரு தேதியைக் கையால் இட்டால் அது "இதற்கு முன் தொடங்காதே" என்ற பூட்டாக மாறிவிடும். பன்னிரண்டு வேலைக்கும் அப்படி இட்டால் படம் அச்சு அசலாக மூலத்தைப் போலவே வரும், ஆனால் ஒரு முன்னோடி முன்கூட்டியே முடிந்தாலும் பின்னால் உள்ளது நகராது. நாட்களையும் முன்னோடியையும் மட்டும் ஏற்றுங்கள், தேதிகள் தாமாக வந்து பொருந்தட்டும். காத்திருப்பை எழுதும் முறையிலும் கவனம் தேவை. `3FS` என்பது மூன்றாம் வேலை முடிந்த பிறகு தொடங்கு என்பதன் குறி; `3FS+14 days` என்றால் 14 வேலை நாட்கள், `3FS+14 edays` என்றால் 14 காலண்டர் நாட்கள். ஞாயிற்றுக்கிழமையும் கான்கிரீட் வலுவேறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே `edays`. அதோடு காலண்டரை ஆறு நாள் வாரமாக மாற்ற மறந்தால், இயல்பாக உள்ள திங்கள் முதல் வெள்ளி வரையிலான வாரத்தில் எல்லாமே நீண்டுவிடும்.

இத்தனை உழைப்பும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்பதற்காக என்றால் தகாது. அடுத்த பல மாதங்களுக்கு அட்டவணையை நீங்களே பராமரிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் இதில் இறங்குங்கள்.

## நான்காம் வழி: கேட்டு வாங்குவது

எங்கள் கணிப்பில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அட்டவணை போட்டவரிடம் கோப்பு இருக்கிறது. அவருக்கு ஐந்து நிமிட வேலை. கோப்பைத் தரத் தயங்குபவர்கள்கூட இன்னொரு படம் எடுத்துத் தருவார்கள். "சரியான அட்டவணை அனுப்புங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் அதே படம் திரும்பி வரும். எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: `Predecessors`, `Total Slack` என்ற இரண்டு பத்திகளையும் திறந்து, `Tracking Gantt` காட்சியில், வேலை எண்கள் தெரியும்படி ஒரு படம். முதல் பத்தி அம்புகளின் குழப்பத்தைத் தீர்த்து, `3FS+14 edays` என்று காத்திருப்பையும் வெளிக்காட்டிவிடும். இரண்டாவது பத்திதான் ஃபுளோட். அந்தக் காட்சியில் கிரிட்டிக்கல் வேலைகள் சிவப்பாகவும், மூலத் திட்டம் அடியில் சாம்பலாகவும் வரும். சாம்பல் பட்டைகளே இல்லையென்றால் மூலத் திட்டம் சேமிக்கப்படவே இல்லை என்று பொருள், அப்போது பழைய ஸ்கிரீன்ஷாட்டுகள்தான் உங்களுக்கு உள்ள ஒரே சான்று, ஒன்றையும் அழிக்காதீர்கள்.

பிரிமவேராவில் போட்ட அட்டவணை என்றால் நிற வழக்கம் வேறு. அங்கே இயல்பான அமைப்பில் முடிந்த பகுதி நீலம், மீதியுள்ள வேலை பச்சை, மீதியுள்ள கிரிட்டிக்கல் வேலை சிவப்பு. நீலத்தைக் கண்டதும் "சாதாரண வேலை" என்று படித்துவிட வேண்டாம்.

கேட்டு வாங்கிய `Total Slack` எண்ணையும் ஒரு தடவை சோதிக்க வேண்டும். பூட்டிய தேதி ஒன்று உள்ளே இருந்தால், பாதையின் முன்பாதியில் ஃபுளோட் பூஜ்யமாக இல்லாமல் இரண்டு, மூன்று என்று தெரியும். கடைசியிலிருந்து பின்னோக்கி வரும்போது பூஜ்யச் சங்கிலி திடீரென அறுகிறதா என்று பார்த்தால் பூட்டு எங்கே என்று தெரிந்துவிடும்.

ஆக நடைமுறையில் வரிசை இப்படி அமையும். படம் வந்தவுடன் மேலே சொன்ன படத்தைக் கேட்டு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை கண்ணால் பின்னோக்கிப் படித்து வையுங்கள். வேலையாட்களை இடம் மாற்றுவது, கூடுதல் ஆள் போடுவது, தாமதத்துக்கு அபராதம் கேட்பது என்று பணம் புழங்கும் முடிவு எதிரில் இருந்தால் கண்ணோடு நிறுத்தாதீர்கள், எக்செல் கணக்கைப் போட்டுப் படத்தோடு பொருத்துங்கள். வாரக் கூட்டத்தில் என்ன கேட்பது என்பதற்கு மட்டும் என்றால் கண் போதும்.

## நான்கிலும் தெரியாத ஒன்று

உள்பூச்சு நாள் 40 முதல் 49 வரை, வெளிப்பூச்சு 36 முதல் 44 வரை. இரண்டுக்கும் இடையே அம்பு இல்லை, ஆகவே மென்பொருளுக்கும் எக்செல்லுக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் சிறிய வேலைத்தளங்களில் இரண்டையும் செய்வது பெரும்பாலும் ஒரே பூச்சு மேஸ்திரியின் ஆட்கள். 40 முதல் 44 வரை ஐந்து நாட்கள் அவர்கள் இரண்டு இடத்திலும் நிற்க வேண்டியிருக்கும்.

மேஸ்திரி தொடங்கிய வேலையை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போவேன் என்றால், வெளிப்பூச்சு 44-இல் முடிந்து உள்பூச்சு 45-இல் தொடங்கும். உள்பூச்சு கிரிட்டிக்கல் பாத்தில் இருப்பதால் ஒப்படைப்பும் ஐந்து நாள் தள்ளும். வெளிப்பூச்சை முழுவதும் பின்னுக்குத் தள்ளினால் அது 50-இல் தொடங்கி 58-இல் முடியும், 57-க்குள் முடிந்திருக்க வேண்டியது, அப்போதும் ஒரு நாள் போகிறது. மின்குழாய் வேலை நடக்கும் 36 முதல் 39 வரை நான்கு நாள் வெளிப்பூச்சு, 40-இல் ஆட்கள் உள்ளே வந்து பத்து நாள் உள்பூச்சு, பிறகு 50 முதல் 54 வரை மிச்ச ஐந்து நாள் வெளிப்பூச்சு என்று பிரித்தால் ஒரு நாளும் நழுவாது. சாரத்தை மட்டும் இடையில் பிரிக்காமல் விட்டுவைக்க வேண்டும், அதன் வாடகை பத்து வேலை நாளுக்குக் கூடும்.

மார்ச் 14-க்கு முன் மேஸ்திரியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எத்தனை செட் ஆட்கள் வருகிறார்கள்?